ஹால் டியூட்டியும் பேப்பர் கட்டும்: தேர்வு வாரத்தின் பணிப்பட்டியல்

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் இரண்டு பட்டியல்கள் தேவைப்படுகின்றன. எந்த வகுப்புக்கு எந்த நாளில் எந்தப் பாடம் என்று சொல்லும் தேர்வுக் கால அட்டவணை ஒன்று. அது பெரும்பாலும் மேலிருந்தே முடிவாகி வந்துவிடும். எந்த ஆசிரியர் எந்த வேளையில் தேர்வறையில் நிற்க வேண்டும் என்று சொல்லும் பணிப்பட்டியல் இன்னொன்று. இதைப் பள்ளியின் தேர்வுப் பொறுப்பாசிரியர்தான் போட வேண்டும். ஆசிரியர் அறையில் மனக்கசப்பு கிளம்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியலால்தான். அதற்குக் காரணம் பட்டியல் போடுபவரின் பாரபட்சம் என்று பலர் நினைக்கிறார்கள். பல பள்ளிகளில் உண்மைக் காரணம் வேறு. தேர்வு நாள்களில் ஆசிரியருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன; பட்டியலில் ஏறுவது ஒன்றுதான். ஹால் டியூட்டி எண்ணப்படுகிறது, விடைத்தாள் திருத்தும் வேலை எண்ணப்படுவதில்லை. எல்லாருக்கும் சமமாக ஐந்து டியூட்டி என்று பிரித்தால் பட்டியல் பார்வைக்கு நியாயமாகத் தெரியும். 200 பேப்பர் திருத்துபவருக்கும் ஒரு பேப்பர்கூடத் திருத்தத் தேவையில்லாதவருக்கும் அது எப்படி நியாயமாகும்?

கணக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க, தமிழ்நாட்டின் நடுத்தர அளவிலான ஒரு மேல்நிலைப் பள்ளியை மாதிரியாகக் கற்பனை செய்துகொள்ளலாம். 6 முதல் 12 வரை ஏழு வகுப்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 40 மாணவர்கள். மொத்தம் 560 பேர். 11, 12 வகுப்புகளில் ஒரு பிரிவு அறிவியல், மற்றது வணிகவியல். முற்பகலில் 6, 8, 10, 12 வகுப்புகளுக்கும் பிற்பகலில் 7, 9, 11 வகுப்புகளுக்கும் தேர்வு. 6 முதல் 10 வரை ஐந்து பாடங்கள், மேல்நிலை வகுப்புகளுக்கு ஆறு. ஆகவே தேர்வு ஆறு நாள் நடக்கும். கடைசி நாளில் மேல்நிலை மாணவர்கள் மட்டும் எழுதுவார்கள்.

முதலில் தேவை எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். அரசுப் பொதுத்தேர்வில் அறைக்கு 20 பேர்தான். பள்ளித் தேர்வுக்கு அந்த அளவு அறைகளோ ஆள்களோ கிடையாது. ஒரே பெஞ்சில் வெவ்வேறு வகுப்பு மாணவர் இருவரை உட்கார வைத்து, அறைக்கு 16 பெஞ்சு என்று வைத்தால் 32 பேர் எழுதலாம். முற்பகலில் 320 பேர், அதற்கு 10 அறைகள். பிற்பகலில் 240 பேர், 8 அறைகள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ரிலீவரும் வேண்டும். அறையில் நிற்பவர் கழிப்பறைக்குப் போகவோ தண்ணீர் குடிக்கவோ ஐந்து நிமிடம் வெளியே வர, அவர் இடத்தில் நிற்க ஒருவர் இருந்தாக வேண்டும். ஆள் மிச்சம் பிடிப்பதாக எண்ணிப் பல பள்ளிகள் முதலில் நீக்குவது இந்த இடத்தைத்தான். அப்படி நீக்கினால் அறை சில நிமிடங்களாவது ஆளில்லாமல் கிடக்கும். இல்லையென்றால் ஆசிரியர் மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்பார். இரண்டுமே தவறு. ஆக, முதல் ஐந்து நாளும் முற்பகல் 11, பிற்பகல் 9 என்று நாளுக்கு 20 டியூட்டி. ஆறாம் நாளில் வேளைக்கு 3 அறையும் ஒரு ரிலீவரும் போதும், 8 டியூட்டி. மொத்தம் 108.

இனி ஆள் கணக்கு. பட்டதாரி ஆசிரியர்கள் 12 பேர்: தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியலுக்கு இருவர் வீதம், கணிதத்துக்கும் அறிவியலுக்கும் மூவர் வீதம். முதுகலை ஆசிரியர்கள் 9 பேர்: தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், வணிகவியல், பொருளியல், கணினி. இவர்களுடன் உடற்கல்வி ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும். மொத்தம் 23 பேர். கணினி ஆசிரியர் தேர்வுப் பொறுப்பாளர். வினாத்தாள் கட்டுகளைப் பிரிப்பது, வருகைக் கணக்கு, விடைத்தாள் கட்டுகளை வாங்கி வைப்பது எல்லாம் அவர் வேலை என்பதால் அவருக்கு ஹால் டியூட்டி கிடையாது. மீதி 22 பேர். 108 டியூட்டியை 22 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வரும். வழக்கமான பட்டியல் இந்த வகுத்தலோடு நின்றுவிடுகிறது.

பேப்பர் கணக்கைச் சேர்த்தால் படம் மாறிவிடும். 6 முதல் 10 வரை 400 மாணவர்கள். தமிழுக்கு இரண்டு பட்டதாரி ஆசிரியர்கள் என்றால் ஆளுக்கு 200 பேப்பர். கணிதத்தில் மூவருக்குப் பிரிவுகளைப் பங்கிட்டால் ஒருவருக்கு 160, மற்ற இருவருக்கு 120 வீதம். மேல்நிலையில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் எல்லா மாணவர்களுக்கும் பொது. அந்த முதுகலை ஆசிரியர்களுக்கு ஆளுக்கு 160. வணிகவியல் ஆசிரியர் கணக்குப்பதிவியலையும் சேர்த்துப் பார்ப்பதால் அவருக்கும் 160. இயற்பியல், வேதியியல் போன்றவற்றுக்கு 80 வீதம்.

எண்ணிக்கையை நேரமாக மாற்றினால்தான் இரண்டு வேலைகளையும் ஒரே தராசில் நிறுக்க முடியும். கீழ் வகுப்புப் பேப்பருக்கு 8 நிமிடம், மேல்நிலைப் பேப்பருக்கு 12 நிமிடம் என்று இந்த மாதிரியில் கொள்ளலாம். உண்மையான பள்ளி தன் அளவைத் தானே எடுக்க வேண்டும். போன காலாண்டுத் தேர்வில் 20 பேப்பர் திருத்த எவ்வளவு நேரம் ஆனது என்று பாடத்துக்கு ஒருவரிடம் கேட்டாலே போதும். ஒரு ஹால் டியூட்டிக்கு மூன்றரை மணி நேரம்: தேர்வு நேரத்தோடு, முன்னால் கட்டு வாங்குவதும் பின்னால் பேப்பரை எண்ணிப் பதிவெண் வரிசையில் அடுக்கி ஒப்படைப்பதும் சேர்த்து. பெஞ்சில் இரண்டு வகுப்பைக் கலந்து உட்கார வைத்திருப்பதால் அடுக்குவதற்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இந்தக் கணக்குப்படி முதுகலைத் தமிழாசிரியருக்குத் திருத்த வேலை மட்டும் 32 மணி நேரம். பட்டதாரித் தமிழாசிரியருக்கு ஏறத்தாழ 27. இயற்பியல் ஆசிரியருக்கு 16. உடற்கல்வி ஆசிரியருக்கு ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஐந்து டியூட்டி, அதாவது பதினேழரை மணி நேரம் என்று கொடுத்தால், தமிழாசிரியருக்கு ஏறக்குறைய 50 மணி நேரமும் உடற்கல்வி ஆசிரியருக்குப் பதினேழரையும் விழும். சமமாகப் பிரித்ததாகச் சொல்லும் பட்டியலில் ஒருவருக்கு இன்னொருவரைப் போல மூன்று பங்கு வேலை.

22 பேரின் இரு வேலைகளையும் கூட்டிப் பிரித்தால் சராசரியாக ஆளுக்கு 37 மணி நேரம். அதை நோக்கி ஹால் டியூட்டியை ஏற்றி இறக்க வேண்டும். 32 மணி நேரத் திருத்த வேலை உள்ள மூவருக்கு (முதுகலைத் தமிழ், ஆங்கிலம், வணிகவியல்) இரண்டு டியூட்டி வீதம். பட்டதாரித் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஆறு பேருக்கு நான்கு வீதம். 160 பேப்பர் உள்ள கணித, அறிவியல் ஆசிரியர் இருவருக்கும் நான்கு. 16 மணி நேரத் திருத்தம் மட்டும் உள்ள ஒன்பது பேருக்கு ஆறு வீதம். உடற்கல்வி, ஓவிய ஆசிரியர்களுக்கு எட்டு வீதம். கூட்டினால் சரியாக 108. இப்போது பேப்பர் திருத்துகிற 20 பேருக்கும் மொத்த வேலை 35 முதல் 41 மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. உடற்கல்வி, ஓவிய ஆசிரியர்களுக்கு 28 மணி நேரம்தான். அவர்களையும் 37-க்குக் கொண்டுவரப் பத்து, பதினொரு டியூட்டி போடலாமே என்று தோன்றும். பன்னிரண்டு வேளைத் தேர்வில் ஒருவரைப் பதினொரு வேளை நிற்க வைப்பது முறையல்ல. தேர்வறை நிற்பும் நடையுமான வேலை. அதை ஓர் அளவுக்கு மேல் ஒரே ஆள் மீது ஏற்ற முடியாது. இங்கே எட்டு என்பதே உச்சவரம்பு. சில அரசுப் பள்ளிகளில் இந்தப் பாடங்களைப் பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கிறார்கள். அவர்கள் வாரத்தில் சில நாள்கள் மட்டுமே வருவதால் அந்த வேளைகளுக்கு மேல் எதுவும் போட முடியாது. அப்படிப்பட்ட பள்ளியில் சராசரியே உயர்ந்துவிடும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எத்தனை என்பது முடிந்தது. எந்த நாளில் என்பதுதான் கடினம். தன் பாடத் தேர்வு நடக்கும் நாளில் அந்த ஆசிரியருக்கு ஹால் டியூட்டி போடக் கூடாது. பொதுத்தேர்வில் இது முறைகேட்டைத் தடுக்கும் விதி. பள்ளித் தேர்வில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு: வினாத்தாளில் அச்சுப்பிழை இருந்தாலோ ஒரு கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தாலோ, எல்லா அறைக்கும் போய் ஒரே மாதிரி விளக்கம் சொல்ல அந்த ஆசிரியர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த விதியால் நாளுக்கு நாள் ஆள் எண்ணிக்கை மாறுகிறது. மாதிரிப் பள்ளியில் முதல் நாள் தமிழ், இரண்டாம் நாள் ஆங்கிலம். இரண்டு நாளும் மூவர் விலக, 19 பேர் இருப்பார்கள். மூன்றாம் நாள் கணிதம். மேல்நிலையில் அறிவியல் பிரிவுக்குக் கணிதம், வணிகப் பிரிவுக்கு வணிகவியல். ஐந்து பேர் விலகுவதால் மீதி 17. நான்காம் நாள் அறிவியல். மேல்நிலைக்கு இயற்பியலும் பொருளியலும். அன்றும் 17 பேர்தான். ஐந்தாம் நாள் சமூக அறிவியலோடு வேதியியலும் கணக்குப்பதிவியலும். அன்று 18 பேர். தேவையோ நாள்தோறும் 20. எனவே சிலர் முற்பகல், பிற்பகல் இரண்டு வேளையும் நிற்காமல் தீராது.

பட்டியலை முதல் நாளிலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டு போவதுதான் பலரின் பழக்கம். முதல் இரண்டு நாளில் ஆள் தாராளமாகத் தெரிவதால் கைக்கு வந்த பெயரையெல்லாம் எழுதிவிடுவார்கள். மூன்றாம் நாளில் முடை தொடங்கும். நான்காம் நாளில் ஆறு டியூட்டி முடித்தவர்கள், நான்கு டியூட்டி முடித்தவர்கள் என்று எல்லாருமே வரம்பைத் தொட்டிருப்பார்கள். அப்போது எஞ்சி நிற்கும் பெயர்கள் பேப்பர் கட்டு அதிகம் உள்ளவர்களுடையவை. முதுகலைத் தமிழாசிரியரை இரண்டு வேளைக்கும் இழுப்பதைத் தவிர வழியிருக்காது. ஆகவே நிரப்ப வேண்டியது நெருக்கடியான நாளிலிருந்து. நான்காம் நாள் முதலில், மூன்றாம் நாள் அடுத்து, பிறகு ஐந்தாம் நாள், தாராளமான நாள்கள் கடைசியில்.

நான்காம் நாளை நிரப்பிப் பார்க்கலாம். அறிவியல் ஆசிரியர் மூவர், இயற்பியல், பொருளியல் ஆசிரியர்கள் விலக்கு. மீதி 17 பேரில் முதுகலைத் தமிழ், ஆங்கிலம், வணிகவியல் ஆசிரியர்களைத் தொடக் கூடாது; மூவருக்கும் முந்தைய நாள்களிலேயே கட்டு வந்துவிட்டது, டியூட்டியும் இரண்டுதான். எஞ்சியவர்கள் 14 பேர். அவர்களில் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்கள் ஆறு பேருக்கும் 160 பேப்பர் உள்ள கணித ஆசிரியருக்கும் ஒரு வேளை வீதம், 7 டியூட்டி. உடற்கல்வி, ஓவிய ஆசிரியர்களில் ஒருவருக்கு இரண்டு வேளை, மற்றவருக்கு ஒன்று, 3 டியூட்டி. மீதி 10 டியூட்டிக்கு இருப்பவர்கள் ஐந்து பேர்: 120 பேப்பர் உள்ள கணித ஆசிரியர் இருவர், முதுகலைக் கணிதம், வேதியியல், உயிரியல். ஐவருக்கும் இரண்டு வேளை. ஆக அன்று ஆறு பேர் முழுநாளும் நிற்கிறார்கள். இதில் ஒரு குறையும் உண்டு. கணித ஆசிரியர்களுக்கு முதல் நாள் மாலைதான் கட்டு கைக்கு வந்திருக்கும்; மறுநாள் முழுக்க அதைத் தொட முடியாது. இதற்குப் பரிகாரம் அவர்களின் திருத்தக் கெடுவை ஒரு நாள் தள்ளி வைப்பதுதான்.

மூன்றாம் நாளுக்கும் இதே வழி. அன்று முழுநாள் நிற்க வேண்டியவர்கள் ஐவர்: 120 பேப்பர் உள்ள அறிவியல் ஆசிரியர் இருவர், இயற்பியல், பொருளியல், உடற்கல்வி-ஓவியத்தில் முந்தைய பத்தியில் இரு வேளை நிற்காத ஒருவர். நான்காம் நாள் முழுநாள் நிற்பவர் எவரும் இதில் இல்லை. அடுத்தடுத்த நாள்களில் ஒருவருக்கு முழுநாள் டியூட்டி வராமல் பார்ப்பது இப்படித்தான். கர்ப்பிணிகள், முழங்கால் வலியோ வேறு உடல்நலக் குறையோ உள்ளவர்கள், பிற்பகல் டியூட்டி முடிந்தபின் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் ஆகியோரின் பெயர்களை நிரப்பத் தொடங்குமுன்பே கேட்டுக் குறித்துக்கொண்டால், பட்டியல் ஒட்டிய பிறகு அடித்துத் திருத்தும் வேலை மிஞ்சும்.

பட்டியலை எந்த வடிவில் எழுதுகிறோம் என்பதும் முக்கியம். அறைகளை வரிசையாகப் போட்டு எதிரே ஆசிரியர் பெயரை எழுதினால், ஒரே பெயர் ஒரே வேளையில் இரண்டு அறைக்கு விழுவது கண்ணில் படாது. காலையில் ஓர் அறை ஆளில்லாமல் நிற்கும்போதுதான் தெரியவரும். மாறாக, ஆசிரியர்களை வரிசையிலும் பன்னிரண்டு வேளைகளைப் பத்தியிலும் வைத்தால், ஓர் ஆசிரியருக்கு ஒரு வேளைக்கு ஒரே கட்டம்தான். இரட்டைப் பதிவுக்கு இடமே இல்லை. அந்தக் கட்டத்தில் அறை எண்ணை எழுத வேண்டாம். அறைப்பணிக்கு ‘அ’, ரிலீவருக்கு ‘மா’, பாட விலக்குக்கு ‘வி’, கூடுதல் ஆளாக இருப்பவருக்கு ‘இ’ என்று குறித்தால் போதும். எந்த அறை என்பதை அன்று காலை குலுக்கல் போட்டு முடிவுசெய்யலாம். பொதுத்தேர்வில் நடப்பதும் அதுதான். கணினியில் விரிதாளாகப் போட்டால் சரிபார்ப்பதும் எளிது. ஆசிரியர்கள் 2 முதல் 23 வரையான வரிசைகளிலும், வேளைகள் C முதல் N வரையிலும், பேப்பர் எண்ணிக்கை P-யிலும், பேப்பருக்கான நிமிடம் Q-விலும் இருந்தால், ஓர் ஆசிரியரின் மொத்த நேரம் இப்படி வரும்:

```
=(COUNTIF(C2:N2,"அ")+COUNTIF(C2:N2,"மா"))*3.5+P2*Q2/60
```

ஒரு வேளையில் அறைகளுக்கு ஆள் சரியாக இருக்கிறதா என்பதற்குப் பத்தியின் அடியில் இது:

```
=COUNTIF(C$2:C$23,"அ")
```

முற்பகல் பத்தியில் 10, பிற்பகலில் 8 வர வேண்டும். ஆறாம் நாளில் 3. ஏதாவது ஒரு கட்டத்தை மாற்றினாலும் அந்த வரிசையின் மணி நேரமும் அந்தப் பத்தியின் ஆள் கணக்கும் உடனே மாறிக் காட்டும். கையால் போடுபவர்கள் வரிசையையும் பத்தியையும் தனித்தனியே கூட்டி, இரண்டும் 108-இல் வந்து நிற்கிறதா என்று பார்க்கலாம்.

திருத்தும் வேலைக்கும் நாள் கணக்கு உண்டு. எல்லாப் பாடத்துக்கும் ஒரே கடைசித் தேதி வைப்பது மிகப் பரவலான தவறு. தமிழ்க் கட்டு முதல் நாளே கைக்கு வந்துவிடும். சமூக அறிவியல் ஆசிரியருக்கு அதே 200 பேப்பர் ஐந்தாம் நாள் மாலையில்தான் வரும். கட்டு வாங்கிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து கெடுவை எண்ண வேண்டும். நாளுக்கு 30 பேப்பர் என்று வைத்தால் 200 பேப்பருக்கு ஏழு வேலைநாள் ஆகும். அதற்கேற்ப ஹால் டியூட்டியையும் நகர்த்தலாம்: சமூக அறிவியல் ஆசிரியர்களின் நான்கு டியூட்டியும் முதல் நான்கு நாளில் முடிந்துவிட்டால், ஆறாம் நாள் அவர்களுக்குத் திருத்துவதற்கு முழுதாகக் கிடைக்கும். தமிழாசிரியர்களுக்கு டியூட்டி நாளொன்றுக்கு ஒரு வேளையாகப் பரவினால் மற்ற அரைநாளில் கட்டு குறைந்துகொண்டே வரும். 12, 10 வகுப்புக் கட்டுகளை முதலில் திருத்தச் சொல்வது நல்லது, அவர்களுக்குச் சிறப்பு வகுப்புகள் உடனே தொடங்கிவிடும். விடைக்குறிப்பைத் தேர்வு நடக்கும் நாளிலேயே அந்தப் பாட ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கட்டு திருத்திய பிறகு மதிப்பெண் பங்கீடு மாறி, முதலிலிருந்து திருத்த நேரும். எவ்வளவு நல்ல பட்டியலும் அதில் குலைந்துபோகும்.

அவசரத்துக்கு ஆள் இல்லாமல் எந்தப் பட்டியலும் முழுதாக நடக்காது. காலை ஒன்பது மணிக்கு ஒருவர் தற்செயல் விடுப்பு சொல்வார். வேளைக்கு ஒருவர் ‘இ’ குறியோடு ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். அழைக்காதவரை அது டியூட்டி ஆகாது. அவர் தன் பேப்பர் கட்டைத் திருத்திக்கொண்டிருக்கலாம். அதனால் கட்டு அதிகம் உள்ளவர்களுக்கு இந்த இடம் பொருந்தும். அழைக்கப்பட்டால் அவருக்கு ஒரு டியூட்டி கூடிவிடுகிறது. விடுப்பிலிருந்து திரும்புபவர் அவரின் பின்வரும் டியூட்டி ஒன்றை ஏற்றுக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். அதே நாளில் பட்டியலில் திருத்தி எழுதாவிட்டால், தேர்வு முடிந்தபின் யார் எத்தனை நின்றார்கள் என்பதில் வாக்குவாதம் வரும்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பொருந்தும் இந்த முறையை ஆண்டு இறுதியில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பொதுத்தேர்வின்போது ஆசிரியர்கள் வேறு பள்ளி மையங்களுக்கு அறைக் கண்காணிப்பாளர்களாகவும், பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கும் அனுப்பப்படுகிறார்கள். அந்த ஆணைகள் வரும்போது கீழ் வகுப்புகளின் ஆண்டுத் தேர்வுக்கு யார் எஞ்சுவார்கள் என்பது பள்ளியின் கையில் இல்லை. முகாமுக்குப் போகக் கூடியவர்கள் என்று தெரிந்த முதுகலை, பத்தாம் வகுப்புப் பட்டதாரி ஆசிரியர்களின் வரிசைகளில் அந்த நாள்கள் முழுவதும் ‘வி’ என்று நிரப்பிவிட்டு, மீதி ஆள்களுக்கு எத்தனை அறை நடத்த முடியும் என்று தலைகீழாகக் கணக்கிட வேண்டியிருக்கும். அறைக்கு 32 பேர் 40 ஆகலாம். முற்பகல் வகுப்பு ஒன்றைப் பிற்பகலுக்கு மாற்றலாம். ஆணை கைக்கு வந்ததும் பட்டியலின் எந்தக் கட்டங்கள் காலியாயின என்று வரிசையும் பத்தியும் உடனே காட்டிவிடும். அந்தக் கட்டங்களை மட்டும் மீண்டும் நிரப்பினால் போதும், முழுப் பட்டியலையும் கலைக்க வேண்டியதில்லை.